7 அணி லீக்: இரண்டாம் பாதிக்கு எந்த வரிசை நியாயம்?

7 அணிகள், 14 வாரம், வாரம் ஓர் அணிக்கு ஓய்வு. முதல் பாதியில் வார எண்ணுள்ள அணிக்கு ஓய்வு. மற்றவை அதன் இருபுறமும் வட்டமாக ஜோடி சேரும். 4ஆம் வாரம்: 5–3, 2–6, 7–1 (முதலில் இருப்பது சொந்த மைதான அணி). அடுத்தடுத்த வாரத்துக்கு எல்லா எண்ணிலும் 1 கூட்டினால் போதும், 7க்குப் பின் 1. சொந்தம், வெளி மாறி மாறி வரும். ஓய்ந்து வரும் அணி வெளியில்தான் ஆடும், அது நல்லது.

மைதானத்தை மட்டும் மாற்றி அதே வரிசையை மீண்டும் ஓட்டினால் சிக்கல். ஓய்ந்த அணிக்குச் சொந்த மைதானமும் கிடைத்து, இரட்டைச் சாதகம் ஆகிவிடுகிறது. அதனால் வாரங்களைத் தலைகீழாக, 4, 3, 2, 1, 7, 6, 5 என்று வைத்துப் பார்த்தோம். ஓய்ந்த அணி எப்போதும் வெளியில்தான். ஆனால் 7, 8ஆம் வாரச் சந்திப்பில் 1, 3 அணிகளுக்குத் தொடர்ந்து இரண்டு சொந்த ஆட்டம். 2, 4 அணிகளுக்கு இரண்டு வெளி ஆட்டம்.

5இல் தொடங்கினால் இப்படித் தொடர்வது 6, 7 அணிகளுக்கு மட்டுமே. ஆனால் 5ஆம் அணிக்கு 5, 8ஆம் வாரங்களில் ஓய்வு, 7ஆம் அணி ஓய்ந்ததும் சொந்த மைதானத்தில் 3ஐச் சந்திக்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? இரண்டு குறையும் இல்லாத வரிசை தெரிந்தால் சொல்லுங்கள்.