ஹெல்மெட் போடாத அண்ணனுக்கு இழப்பீட்டில் 30 சதவீதம் குறைக்கச் சொல்கிறார்கள். தலைக்காயம் அதனால்தான் கூடியது என்று யார் நிரூபிக்க வேண்டும்?

சேரன்மகாதேவி வாழைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். என் அண்ணனுக்கு வயது 34, வாழைத்தார் வியாபாரம். போன வருஷம் காலையில் பைக்கில் போய்க்கொண்டிருந்தபோது, பக்கத்துச் சந்திலிருந்து நிற்காமல் மெயின் ரோட்டில் ஏறிய குட்டியானை இடித்துவிட்டது. குட்டியானை டிரைவர் மேல்தான் எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகையும் அவர் மேல்தான். அண்ணன் மேல் வண்டி ஓட்டியதில் எந்தத் தப்பும் சொல்லவில்லை.

ஆனால் அண்ணன் ஹெல்மெட் போடவில்லை. டேங்க் மேல் வைத்திருந்தான். விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதிய மகஜரிலேயே ஹெல்மெட் உடையாமல் ரோட்டோரம் கிடந்ததாக எழுதியிருக்கிறார்கள்.

இடது காதுக்கு மேலே மண்டையோடு முறிந்து உள்ளே ரத்தக்கட்டு, ஆபரேஷன். கீழ்த்தாடை முறிவு. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறது. பில் மட்டும் தலைக்கு 3,10,000, காலுக்கு 1,40,000, தாடைக்கு 60,000.

திருநெல்வேலியில் கேஸ் நடக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனி தங்கள் பதில் மனுவான கவுண்டரில் 'ஹெல்மெட் அணியாததால் மொத்த இழப்பீட்டில் 30 சதவீதம் கழிக்க வேண்டும்' என்று போட்டிருக்கிறார்கள். அடுத்த வாய்தாவில் எங்கள் டாக்டர் சாட்சி. ஹெல்மெட் போட்டிருந்தாலும் இதே காயம்தான் வந்திருக்கும் என்று நாங்கள் காட்ட வேண்டுமா, இல்லை அவர்கள் காட்ட வேண்டுமா?

பேட்டை நண்பன்

பயப்படாதே தம்பி. 2020-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது, சட்டத்தை மீறினான் என்பதற்காக மட்டும் இழப்பீட்டைக் குறைக்கக் கூடாது என்று. முகமது சித்திக் கேஸ். அந்தத் தீர்ப்பை நீட்டினால் ஒரு பைசா கழிக்க முடியாது.

ஆலங்குளம் அக்கா

என் வீட்டுக்காரருக்கும் இப்படித்தான். அவருக்குத் தொடை எலும்பு மட்டும்தான் முறிந்தது, தலையில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. அதற்கும் ஹெல்மெட் போடவில்லை என்று கவுண்டரில் எழுதியிருக்கிறார்கள். போலீஸ் போட்ட 1,000 ரூபாய் அபராதத்தை நாங்கள் கட்டிவிட்டோம். கட்டியதால் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடுமா? யாராவது சொல்லுங்கள், ராத்திரி தூக்கமே இல்லை.

பாளை வக்கீல்

பல வருஷம் இன்சூரன்ஸ் பக்கம் ஆஜராகிவிட்டு இப்போது பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் நடத்துகிறேன். இரண்டு பக்கத்து வழக்கமும் தெரியும் என்பதால் சொல்கிறேன்.

முதலில் பேட்டை அண்ணாச்சிக்கு. நீங்கள் சொன்ன தீர்ப்பு சரி, ஆனால் பாதிதான் சொன்னீர்கள். அது ஹெல்மெட் கேஸ் இல்லை. ஒரே பைக்கில் மூன்று பேர் போனார்கள், பின்னால் வந்த கார் இடித்தது. மூன்று பேர் போனதற்காக ஹைகோர்ட் 10 சதவீதம் கழித்ததைச் சுப்ரீம் கோர்ட் நீக்கியது. காரணம், அந்த மீறலுக்கும் விபத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த மீறலுக்கும் பாதிக்கப்பட்டவருக்கு விழுந்த அடிக்கும் தொடர்பு இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றாவது நிரூபணம் ஆகாமல் கழிக்கக் கூடாது. ஹெல்மெட் விஷயத்தில் இரண்டாவது வாசல் திறந்தே இருக்கிறது. தலையில் அடி பட்ட கேஸில் அந்தத் தீர்ப்பை நீட்டினால், எதிர்த்தரப்பு வக்கீல் அதே பத்தியை வாசித்து அதற்குள் நுழைவார்.

அக்கா, உங்கள் கேஸில் இரண்டு வாசலும் மூடியிருக்கிறது. தொடை எலும்புக்கும் ஹெல்மெட்டுக்கும் என்ன சம்பந்தம்? அபராதம் கட்டியது சட்டத்தை மீறியதற்கு. அது காயத்துக்குக் காரணம் ஆகாது. நிம்மதியாகத் தூங்குங்கள்.

தம்பி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். யார் அலட்சியம் என்று சொல்கிறார்களோ அவர்கள்தான் அதை நிரூபிக்க வேண்டும். ஹெல்மெட் இருந்தாலும் இதே காயம் வந்திருக்கும் என்று நீங்கள் காட்ட வேண்டியதில்லை. கவுண்டரில் எழுதியது சாட்சியம் ஆகாது. குறுக்கு விசாரணையில் 'ஹெல்மெட் போட்டிருந்தால் காயமே ஆகியிருக்காது என்று சொல்கிறேன்' என்று அவர்கள் வக்கீல் கேட்பதும் சாட்சியம் ஆகாது. அண்ணன் 'சரியல்ல' என்று சொல்லிவிட்டால் அது அங்கேயே நின்றுவிடும்.

ஆனால் ஒன்று. இன்சூரன்ஸ்காரர்கள் தனியாக டாக்டரைக் கூட்டிவந்து நான் பார்த்தது குறைவு. உங்கள் டாக்டர் வாயாலேயே வாங்கிவிடுவார்கள். கடைசியில் ஒரே கேள்விதான்: 'ஹெல்மெட் அணிந்திருந்தால் தலைக்காயம் குறைந்திருக்கும் அல்லவா?' டாக்டர் நல்ல மனதோடு 'ஆமாம்' என்பார். அதோடு நிரூபணம் முடிந்தது. தீர்ப்பாயத்தில் நடப்பது சுருக்க விசாரணை, சிவில் கேஸ் மாதிரி கட்டுக்கட்டாகச் சாட்சியம் கேட்க மாட்டார்கள். அந்த ஒரு 'ஆமாம்' போதும்.

அண்ணனின் சி.டி. ஸ்கேன் அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது? ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகலான ஏ.ஆர். காப்பியில் வெளிக்காயம் எந்த இடத்தில்? அப்புறம் இன்னொன்று: ஹெல்மெட் போட்டிருந்தான் என்று மட்டும் யாரும் சாட்சி சொல்லாதீர்கள். மகஜர் எதிரே இருக்கிறது. அதில் பொய் தெரிந்தால் வருமானம் பற்றிச் சொன்னதையும் நம்ப மாட்டார்கள்.

சேரன்மகாதேவி வாழைக்காரன்

நன்றிங்க. பொய் சொல்லப் போவதில்லை. ஏ.ஆர். காப்பியில் 'இடது காதுக்கு மேல் வீக்கம், 4 செ.மீ. கிழிந்த காயம்' என்று இருக்கிறது. சி.டி.யில் அதே இடத்தில் எலும்பு முறிவு, அதற்கு நேர் உள்ளே மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவில் ரத்தம். மூளைக்குள் வேறு எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற சர்ஜன், வண்ணாரப்பேட்டை

இந்த மாதிரி கேஸ்களில் சாட்சி சொல்லியிருக்கிறேன், தம்பி. உள்ளதைச் சொல்கிறேன். நீங்கள் விரும்பும் பதில் இதில் இல்லை.

காதுக்கு மேல் இருக்கும் எலும்பு மண்டையோட்டிலேயே மெல்லிசு. அதன் உள்பக்கம் ஒட்டியபடி ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. அங்கே நேரடியாக அடி விழுந்தால் எலும்பு விரியும், குழாய் கிழியும், ரத்தம் கட்டும். வெளிக்காயம், முறிவு, ரத்தக்கட்டு மூன்றும் ஒரே இடத்தில் இருப்பதால் அடி அங்கேதான் விழுந்தது என்று தெரிகிறது. ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கி அடியைப் பரப்புவது இந்த வகைக் காயத்தைத் தடுக்கத்தான். காதை மூடும் ஹெல்மெட் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால் இந்த முறிவு பெரும்பாலும் குறைந்திருக்கும். சத்தியம் செய்துவிட்டு இதை மறுக்க என்னால் முடியாது, உங்கள் டாக்டரும் மறுக்க மாட்டார்.

வேறு மாதிரி ஸ்கேன் வந்திருந்தால் கதை வேறு. வெளியே முறிவே இல்லாமல், தலை வேகமாகச் சுழன்றதில் மூளை நரம்பிழைகள் அறுந்திருந்தால், ஹெல்மெட் எவ்வளவு காப்பாற்றியிருக்கும் என்று உறுதியாகச் சொல்வது கஷ்டம். தாடையும் அப்படித்தான். திறந்த முகம் கொண்ட ஹெல்மெட் தாடையைத் தொடவே தொடாது. டேங்க் மேல் இருந்தது எந்த வகை?

சேரன்மகாதேவி வாழைக்காரன்

முகம் திறந்ததுதான் சார். கண்ணாடி மட்டும் இறங்கும், தாடைப் பகுதி கிடையாது.

பேட்டை நண்பன்

டாக்டர் சார், ஹெல்மெட் போட்டால் தலைக்காயம் 69 சதவீதம் குறையும் என்று ஆராய்ச்சி இருக்கிறதாமே. அதைக் காட்டி 69 சதவீதமும் கழிப்பார்களா?

ஓய்வுபெற்ற சர்ஜன், வண்ணாரப்பேட்டை

அது 2008-ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு. எண் சரிதான், மரணம் சுமார் 42 சதவீதம் குறைகிறது என்றும் அதில் இருக்கிறது. ஆனால் அது ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. இந்தத் தம்பியின் அண்ணனுக்குக் காதுக்கு மேல் என்ன நடந்தது என்று அது சொல்லாது. அதைச் சொல்ல அவருடைய ஸ்கேனும் ஏ.ஆர். காப்பியும்தான் வேண்டும்.

பாளை வக்கீல்

டாக்டர் சொன்னதோடு நான் ஒத்துப்போகிறேன். அப்படியென்றால் 'கழிக்கவே கூடாது' என்று மட்டும் வாதாடுவது பலவீனம். எதிலிருந்து கழிப்பது, எவ்வளவு கழிப்பது என்பதில்தான் உங்கள் பணம் இருக்கிறது.

உங்கள் பில்லையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 5,10,000. அவர்கள் கேட்கிற மாதிரி மொத்தத்தில் 30 சதவீதம் என்றால் 1,53,000 போய்விடும். காலும் தாடையும் ஹெல்மெட்டால் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னால், தலைக்கான 3,10,000-லிருந்து மட்டும்தான் கழிக்க வேண்டும். 30 சதவீதமே என்றாலும் 93,000. 15 சதவீதம் என்றால் 46,500.

அந்த 15 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் 1975-ல் ஃபுரூம் எதிர் புச்சர் என்ற சீட் பெல்ட் கேஸில் டென்னிங் பிரபு ஒரு அளவு வைத்தார். பெல்ட் போட்டிருந்தால் காயமே வந்திருக்காது என்றால் 25, கணிசமாகக் குறைந்திருக்கும் என்றால் 15, எந்த வித்தியாசமும் இருக்காது என்றால் ஒன்றும் இல்லை. நம் தீர்ப்பாயத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனால் காயமே வந்திருக்காது என்ற நிலைக்கே அங்கே 25 தான் என்னும்போது, இங்கே எந்தச் சாட்சியும் இல்லாமல் 30 கேட்பது அதிகம் என்று காட்ட அது உதவும்.

டாக்டர் சாட்சிக்கு முன்னால் உங்கள் வக்கீலிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான். மூன்று காயங்களையும் தனித்தனியாகக் கேட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஊனச் சான்றிதழிலும் கால் எத்தனை சதவீதம், தலை எத்தனை சதவீதம் என்று தனித்தனியாக இருக்கட்டும். ஒரே எண்ணாகக் கலந்துவிட்டால், வருமான இழப்பில் எந்தப் பகுதி தலையால் வந்தது என்று பிறகு பிரிக்க முடியாது, நீதிபதி மொத்தத்திலிருந்தே கழித்துவிடுவார்.

குறுக்கு விசாரணையில் டாக்டர் 'குறைந்திருக்கலாம்' என்று சொல்வதும் 'குறைந்திருக்கும்' என்று பதிவாவதும் ஒன்று இல்லை. தட்டச்சு ஆனதைக் கையெழுத்துக்கு முன்னால் அவர் வாசித்துப் பார்க்க வேண்டும். பொதுவாக 'தலைக்காயம்' என்று கேட்டு 'ஆமாம்' வாங்கிவிட்டால், குறுக்கு விசாரணை முடிந்ததும் அதே சாட்சியை நம் பக்கம் திரும்பக் கேட்கும் மறு விசாரணையில் 'எந்தக் காயத்தைச் சொன்னீர்கள், தாடையையும் சேர்த்தா' என்று உங்கள் வக்கீல் கேட்டே ஆக வேண்டும்.

ஆலங்குளம் அக்கா

வக்கீல் ஐயா, இதே மாதிரி தலைக்கு மட்டும் பிரித்துக் கழிப்பார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?

பாளை வக்கீல்

முடியாது அக்கா. மொத்தத்திலிருந்து ஒரே அடியாகக் கழிக்கும் தீர்ப்புகளும் வருகின்றன. காயத்தோடு தொடர்பு வேண்டும் என்ற 2020 தீர்ப்பின் வாதம் பிரித்துக் கழிப்பதற்குத்தான் இழுக்கிறது என்பது என் கருத்து. அப்படி நடக்காவிட்டால் மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் டாக்டரின் சாட்சியத்தில் பிரித்துப் பதிவாகியிருக்க வேண்டும்.

சேரன்மகாதேவி வாழைக்காரன்

நேற்று டாக்டர் சாட்சி முடிந்தது. அவர்கள் வக்கீல் நீங்கள் சொன்ன அதே கேள்வியைக் கேட்டார், டாக்டர் 'ஆமாம், குறைந்திருக்கும்' என்றார். எங்கள் வக்கீல் எழுந்து மறு விசாரணை கேட்டார். 'காதுக்கு மேல் உள்ள முறிவையும் ரத்தக்கட்டையும் பற்றித்தான் சொன்னேன். முகம் திறந்த ஹெல்மெட் தாடையைப் பாதுகாக்காது. கால் முறிவுக்குச் சம்பந்தமில்லை' என்று பதிவாகியிருக்கிறது. வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்.

ஒரு சந்தேகம். ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணனுக்கு இரண்டு முறை வலிப்பு வந்தது, இன்னும் மாத்திரை போடுகிறான். இனி வரும் மாத்திரைச் செலவு எந்தக் கணக்கில் வரும்?

பாளை வக்கீல்

அது தலைக் கணக்கு தம்பி, கழிவு அதற்கும் பொருந்தும். ஆனால் எத்தனை வருஷம் மாத்திரை தேவை என்று நரம்பியல் டாக்டரிடம் எழுதி வாங்கி, வாதத்துக்கு முன்னால் தாக்கல் செய்துவிடுங்கள். அந்தத் தொகையே கேட்காமல் விட்டால் கழிப்பதற்கும் ஒன்றும் இருக்காது, கிடைப்பதற்கும் ஒன்றும் இருக்காது.