எட்டு செக்கன் இறால் வடை

கொட்டாஞ்சேனை அக்கா:
அண்ணாவின்ர கடைக்கு ஒரு குட்டி வீடியோ வேணுமெண்டார். "காலிமுகத்திடல், பின்னேரம், இறால் வடை விக்கிறவர்" எண்டு ஒரு வரியை, எழுதித் தாற AI மொழி மாதிரிக்குக் குடுத்து, ஆள், செயல், கமரா, வெளிச்சம், சத்தம் எண்டு தலைப்புப் போட்டுப் பிரிச்சு, வீடியோ செய்யிற AI கருவிக்குக் குடுக்கிற புரொம்ப்டா எழுதித் தரச் சொன்னன். ஒரு பக்கத்துக்குத் தந்தது. வாசிக்க வடிவாத்தான் இருந்தது. அப்பிடியே வீடியோக் கருவியில எட்டு செக்கன் வீடியோவுக்குப் போட்டன். மனுசன் மாவைத் தட்டுறார், பொரிக்கிறார், காசு வாங்குறார், கடலைப் பாக்கிறார். நடுவில கையில இருந்த வடை கரண்டியா மாறிட்டுது.

பிறகுதான் ஒழுங்கா வாசிச்சன். நாலு செயல், மூண்டு கமரா அசைவு. போதாததுக்கு "சூரியன் கடலிலிருந்து எழுகிறது" எண்டு வேற! கொழும்பில கடல் மேற்கால இருக்கு. வடையையும் "இறால் கலந்தது" எண்டு எழுதியிருந்தது. எங்கட வடையில இறால் முழுசா மேலதானே குந்தியிருக்கும்.

தெஹிவளை தம்பி:
அக்கா, இன்னும் நீட்டமா எழுதோணும். கடைசியில "கூட்டம் வேண்டாம், பெயர்ப்பலகை வேண்டாம்" எண்டும் போடுங்கோ.

வெள்ளவத்தை ஐயா:
தம்பி, விவரம் வேணுமெண்டது சரி. ஆனா அது கண்ணுக்குத் தெரியிற விவரமா இருக்கோணும். "ஏக்கம் ததும்பும் மாலை" எண்டா கமரா எதைப் பிடிக்கும்? "வேண்டாம்" எண்டதுக்குச் சில கருவிகளில தனிப் பெட்டி இருக்கு. பிரதான புரொம்ப்டில எழுதினா, பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி அதுவே வந்து நிக்கிறதும் உண்டு. "பின்னால வெறும் புல்வெளி" எண்டு இருக்கிறதைச் சொல்லுறதுதான் நல்லது.

பிள்ளை, அந்த ஒரு வரியை விரிக்கச் சொல்லேக்கயே எல்லையையும் சொல்லுங்கோ: எட்டு செக்கன், ஒரு செயல், ஒரு கமரா அசைவு. நீங்க சொல்லாமல் அது சேர்த்ததுக்கு நட்சத்திரக் குறி போடச் சொல்லுங்கோ. வெட்டுறது லேசு.

வத்தளை மாமி:
வெட்டுறதெண்டா என்ர மகளின்ர கலியாண வீடியோவும் மூண்டு மணித்தியாலம் இருக்கு. இதால சுருக்கலாமோ?

வெள்ளவத்தை ஐயா:
மாமி, நாங்க வெட்டுறது எழுத்தை. உங்கட வீடியோவுக்கு எடிட்டரைத்தான் பிடிக்கோணும்.

கொட்டாஞ்சேனை அக்கா:
ஐயா சொன்ன மாதிரிச் செய்தன். பதினொரு நட்சத்திரம், ஒன்பதை வெட்டினன். மிஞ்சினது இதுதான்: "கண்ணாடிப் பெட்டி போட்ட தள்ளுவண்டி. வயசான ஒருவர், ஓட்டோட இறால் பதிச்ச ஒரு பருப்பு வடையைத் தாளில வைக்கிறார். கமரா மெதுவாக் கிட்டப் போகுது. பின்னால கடலில சூரியன் இறங்குது. எண்ணெய் பொரியிற சத்தம்." பலகை எழுத்தை எடிட்டிங்கில போட்டன், முதல் வீடியோவில தமிழ் எழுத்து புழு மாதிரி நெளிஞ்சது.

இப்ப கை கையாவே இருக்கு. தலைப்புகளை எடுத்துப்போட்டு ஒரே பந்தியாக் குடுத்தும் பாத்தன், பெரிய வித்தியாசம் தெரியேல்ல.

தெஹிவளை தம்பி:
எனக்கெண்டா தலைப்புப் போட்டாத்தான் சரியா வருது.

வெள்ளவத்தை ஐயா:
கருவிக்குக் கருவி மாறும் தம்பி. ரெண்டு பேரும் ஒரே கருவியோ பாவிக்கிறீங்க?