நாளுக்கு ஒரே அறிவிப்பு: உங்கள் அனுபவம் எப்படி?

சிற்றெறும்பு
பலர் சேர்ந்து ஆவணங்களைத் திருத்தும் ஆப் ஒன்றில் வேலை செய்கிறேன். அவசரமில்லாத அறிவிப்புகளைத் தேக்கி வைத்து மாலையில் ஒரே சுருக்கமாக அனுப்பும் வசதியை நான்தான் எழுதினேன். தேக்குவது சுலபம். அனுப்பும்போதுதான் சிக்கல். காலையில் ஒருவர் கருத்து எழுதுகிறார், மதியம் அதை அவரே நீக்கிவிடுகிறார். காலையில் எழுதியதை அப்படியே மாலையில் அனுப்பினால், தட்டிப் பார்ப்பவருக்கு அங்கே ஒன்றுமே இருக்காது. அதனால் வாசகத்தைச் சேமிப்பதில்லை, எந்தக் கருத்து என்ற அடையாள எண்ணை மட்டும் வைத்துக்கொள்கிறோம். அனுப்பும் நிமிடத்தில் எல்லாவற்றையும் புதிதாகப் படித்து, நீக்கப்பட்டதையும் அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டதையும் கழித்துவிடுகிறோம். ஒரே ஆவணத்துக்கு வந்தவை ‘அறிக்கையில் 14 புதிய கருத்துகள்’ என்று ஒரு வரியாகிவிடும். மிச்சம் எதுவும் இல்லையென்றால் அன்று சுருக்கமே போகாது.

பூங்குருவி
ஐபோனில் இது iOS 15-லிருந்தே இருக்கிறதே! நான் எல்லா ஆப்பையும் சுருக்கத்தில் போட்டுவிட்டேன். அவசரமானது எப்படியும் உடனே வந்துவிடும்.

சிற்றெறும்பு
அது பாதிதான் சரி. ஆப்பை எழுதியவர்கள் அந்த அறிவிப்பை `time-sensitive` என்று குறித்து அனுப்பினால்தான் உடனே வரும். குறிக்காவிட்டால், வாசலில் பார்சலோடு ஆள் நிற்கிற தகவலும் மாலை வரை காத்திருக்கும். அந்த ஆப்பின் அறிவிப்பு அமைப்பில் Time Sensitive Notifications என்ற சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அதைச் சுருக்கத்தில் போடாதீர்கள்.

கடைசிபெஞ்ச்
என் ஆண்ட்ராய்டில் செய்திகள் ரொம்பத் தாமதமாக வருகின்றன, ஆப்பைத் திறந்தால் மொத்தமாகக் கொட்டுகின்றன. இதுவும் அந்தச் சுருக்கம்தானா?

மாலைநேரம்
இல்லைங்க, அது பெரும்பாலும் பேட்டரி சேமிப்பு வேலை. அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிட்டுப் பாருங்கள்.
என் கதை வேறு. வெளிநாடு போனதிலிருந்து ஒரு ஆப்பின் மாலைச் சுருக்கம் நடுராத்திரியில் வந்து எழுப்புகிறது.

சிற்றெறும்பு
கணக்கு தொடங்கியபோது இருந்த நேர மண்டலத்தையே இன்னும் வைத்திருக்கிறார்கள் போல. நாங்கள் ஆப்பைத் திறக்கும்போதெல்லாம் அதைப் புதுப்பிக்கிறோம். `Europe/London` என்று மண்டலத்தின் பெயரையே வைக்க வேண்டும். மணி வித்தியாசத்தை மட்டும் வைத்தால், கோடையில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் ஒரு மணி நேரம் பிசகும். பயணம் செய்கிற அன்று மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. இரண்டு முறை வராமல் தடுத்தால், சிலருக்கு அன்று ஒன்றுமே வருவதில்லை.

பூங்குருவி
சரி, சுவிட்சைப் பார்க்கிறேன். ஆனால் ஒரே ஒரு முறை போதுமா? 2019-ல் வந்த ஓர் ஆய்வில் நாளுக்கு 3 முறை தொகுத்துப் பெற்றவர்களுக்குத்தான் மன அழுத்தம் குறைந்தது. அறிவிப்பே வராதவர்களுக்குப் பதற்றம் கூடியிருக்கிறது.

சிற்றெறும்பு
எங்கள் குழுவிலும் இதே வாக்குவாதம்தான். கருத்துக்குப் பதில் எழுத வேண்டியவர்கள் மதியமும் ஒன்று கேட்கிறார்கள், வெறுமனே படிப்பவர்கள் ஒன்றே போதும் என்கிறார்கள். நேரத்தை அவரவரே தேர்ந்தெடுக்க விடலாமா என்று யோசிக்கிறோம்.