பொருள்: வெள்ளநீர் நிற்கும் தாழ்ந்த தெருவுக்குக் கலைச்சொல் – ‘தேங்குதெரு’ பொருந்துமா?

வரைபடத் தன்னார்வலர், வேளச்சேரி

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாகக் கொண்ட வரைபடம் ஒன்றில் சென்னை மக்கள் நீர் சூழ்ந்த தெருக்களைச் சொடுக்கிக் குறித்தார்கள். அதைப் போன்ற குறிப்புகளோடு, நீர் எவ்வளவு உயரம் நின்றது என்னும் குடியிருப்போரின் நினைவையும் தரையின் உயரத் தரவையும் சேர்த்து, எங்கள் பகுதியின் தெருக்களை அடையாளமிட்டு வருகிறோம். செய்தித்தாள்கள் எழுதும் ‘தாழ்வான பகுதி’ ஒரு வட்டாரம் முழுவதையும் குறிப்பதால் எங்களுக்கு உதவவில்லை. ‘தேங்குதெரு’ என்னும் சொல்லை முன்மொழிகிறேன். ‘ஊறுகாய்’ போல இதுவும் வினைத்தொகையாதலால் தேங்கிய, தேங்குகின்ற, தேங்கும் என மூன்று காலத்தையும் தாங்கி நிற்கும்.

மென்பொருளாளர், கோவை

சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் மக்களின் நினைவு எதற்கு? எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. அதில் மிகத் தாழ்ந்த கட்டங்களைப் பிரித்தெடுத்தால் பட்டியல் வந்துவிடும்; நீர் பள்ளத்தைத்தானே நாடும்? அப்படியானால் ‘தாழ்தெரு’ என்பதே போதும்.

ஓய்வுபெற்ற நில அளவையாளர், தாம்பரம்

நீர் பள்ளத்தை நாடும் என்பது சரிதான்; அந்தப் பள்ளத்தை இத்தரவு காட்டுகிறதா என்பதே கேள்வி. 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடார் வழியே எடுக்கப்பட்ட அத்தரவின் ஒரு கட்டம் ஏறத்தாழ 30 மீட்டர் அகலம் உடையது. ஆறு மீட்டர்த் தெருவும் அதன் இருபுறத்து வீடுகளும் மரங்களும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுவதால், கூரையின் உயரமும் அதில் கலந்துவிடுகிறது. மேலும், உயரங்கள் முழு மீட்டர்களில் பதியப்பட்டுள்ளன. முழங்காலுக்கும் இடுப்புக்கும் உள்ள வேறுபாடோ அரை மீட்டருக்குள்தான். எந்த வட்டாரத்தில் தேட வேண்டும் என்பதற்கு அதைப் பயன்படுத்தலாம். தெருவின் உயரத்தை ஆட்டோ லெவல் என்னும் மட்ட அளவைக் கருவி வைத்து எடுப்பதே முறை.

அதன் பிறகு மக்கள் தரும் குறிப்பைச் சோதிக்க எளிய வழி உண்டு. அடுத்தடுத்த மூன்று தெருக்களின் உயரம் முறையே 5.2, 4.9, 5.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் தெருவில் முழங்காலளவு, அதாவது 0.5 மீட்டர் நின்றது என்கிறார்கள். இரண்டாவதில் தொடையளவு, 0.8 மீட்டர். கூட்டினால் இரண்டிலும் நீரின் மேல்மட்டம் 5.7 மீட்டர். மூன்றாவது தெருவில் இடுப்பளவு, 0.9 மீட்டர் என்கிறார்கள். அங்கே மேல்மட்டம் 6.3 ஆகிறது. தேங்கி நிற்கும் நீர் அடுத்த தெருவைவிட 60 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்க முடியாது. ஆகவே உயரமோ குறிப்போ பிழை. ஆற்றங்கரைத் தெருக்களுக்கு இச்சோதனை செல்லாது. ஓடும் நீரின் மேல்மட்டம் சரிந்தே இருக்கும்.

குடியிருப்பாளர், முடிச்சூர்

நானும் ஒரு குறிப்பு கொடுத்திருந்தேன். இடுப்பளவு என்றுதான் எழுதினேன். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே மீண்டும் மீண்டும் சாலை போட்டதில், எங்கள் கூடத்துத் தரை இப்போது சாலைக்கு இரண்டடி கீழே கிடக்கிறது. ஜாக்கி வைத்து வீட்டை உயர்த்தலாம் என்கிறார்கள். எத்தனை அடி உயர்த்த வேண்டும் என்று உங்கள் வரைபடம் சொல்லுமா?

ஓய்வுபெற்ற நில அளவையாளர், தாம்பரம்

அம்மா, வீட்டை உயர்த்தும் அளவை இந்த வரைபடத்தைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள். அதற்குக் கட்டடப் பொறியாளர் நேரில் பார்க்க வேண்டும். ஆனால் நான் சொன்ன மூன்றாம் தெருவில் என்ன நடந்திருக்கக்கூடும் என்பதை உங்கள் கடிதம் காட்டிவிட்டது. இடுப்பளவு என்பது வீட்டுக்குள் அளந்தது. இரண்டடியைக் கழித்தால் சாலையின் மேல் 0.3 மீட்டர்தான், மேல்மட்டம் அதே 5.7. எனவே படிவத்தில் ‘எவ்வளவு’ என்பதற்கு முன்பே ‘எங்கே நின்று அளந்தீர்கள்’ என்று கேட்க வேண்டும். நினைவைவிட, சுற்றுச்சுவரிலோ மின்கம்பத்திலோ எஞ்சியிருக்கும் நீர்க்கறையை நாடா வைத்து அளந்து தருவது மேல்.

சொல்லைப் பற்றி: முக்காலத்தையும் ஒன்றாக்குவதை நீங்கள் சிறப்பென்கிறீர்கள், வரைபடத்தில் அதுவே எனக்கு அச்சம் தருகிறது. நடந்ததும் நடக்கக்கூடியதும் ஒரே நிறத்தில் தெரிந்துவிடும். உயரத்தால் மட்டும் அறிந்தது ‘தாழ்தெரு’, குறிப்பால் மட்டும் அறிந்தது ‘தேங்கிய தெரு’, இரண்டும் ஒத்துவந்தால் மட்டுமே ‘தேங்குதெரு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

வரைபடத் தன்னார்வலர், வேளச்சேரி

ஐயா, மூன்றாகப் பிரிப்பதை ஏற்கிறேன். ஆனால் ‘தேங்கிய தெரு’ எனக்கு முழுமையாகப் படவில்லை. பள்ளமே இல்லாத ஒரு தெருவில், மழைநீர் வடிகாலின் வாய் மண்ணால் அடைபட்டதால் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் கணுக்காலளவு நிற்கிறது. அதை இறந்தகாலத்தில் சொன்னால் அடுத்த மழைக்கு எச்சரிக்கை இல்லாமல் போகும். தேங்குதெரு என்றாலோ தூர்வாரினால் தீரக்கூடியதைப் பள்ளத்தோடு சேர்த்துவிடுவோம். ‘அடைப்புத்தெரு’ என்றால் போக்குவரத்துத் தடை என்று எடுத்துக்கொள்வார்களோ என்று தயங்குகிறேன். வேறு சொல் தோன்றுகிறவர்கள் எழுதுங்கள்.