புதுப்பிப்பு: மதரசா விடுதி ஆய்வு, பெற்றோர் ஒப்புதலும் விலகும் உரிமையும்

முன்பு கேட்டது: "மதரசா விடுதியில் 14–17 வயது மாணவர்களிடம் கேள்வித்தாள் ஆய்வு. முதல்வர் கையெழுத்துப் போட்டுவிட்டார். பெற்றோரிடமும் வாங்கணுமா? பாதியில் விலகுகிறவரின் பதிலை என்ன செய்வது?"

நெறிமுறைக் குழு திருத்தச் சொன்னது, திருத்திக் கொடுத்தாயிற்று. முதல்வரின் கையெழுத்து உள்ளே நுழைய மட்டும்தான் என்று அக்கா ஒருவர் பதிலில் எழுதியது சரி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி இந்த வயதில் மாணவரின் எழுத்துவழி இசைவும் பெற்றோர் ஒப்புதலும் இரண்டுமே வேண்டும்.

"பெற்றோரிடமிருந்து பதில் வராவிட்டால் சம்மதம்னு வச்சுக்கோங்க" என்று தம்பி ஒருவர் சொன்னது பாதிதான் சரி. பெற்றோர் ஒப்புதலிலிருந்து விலக்கு தரும்படி நெறிமுறைக் குழுவிடம் கேட்கலாம். ஆனால் விடுதிப் பிள்ளையின் கடிதம் வெளியூர் வீட்டுக்குப் போகாமலே இருந்திருக்கலாம். அந்த மௌனம் சம்மதமாகாது. அதனால் விடுமுறைக்குப் போகும்போது படிவத்தைக் கொடுத்தனுப்புகிறோம். படிக்கத் தெரியாத பெற்றோருக்குச் சாட்சி முன் வாசித்துக்காட்டிக் கைரேகை.



பெயரில்லாத தாளைப் பெட்டியில் போட்டபின் யாருடையது என்று தேடி எடுக்க முடியாது. எனவே தாளிலும் மாணவர் வைத்துக்கொள்ளும் துண்டுச்சீட்டிலும் ஒரே எண். 14 நாளுக்குள் அந்த எண்ணைச் சொன்னால் தாளைக் கிழித்துவிடுவோம். எண்–பெயர் பட்டியலே கிடையாது.

இதைவிடப் பெரிய சிக்கல், ஆசிரியரான உஸ்தாத் அறையில் இருந்தால் யாரும் எழுந்து போகமாட்டார்கள். அவர் வெளியே இருப்பார். விருப்பமில்லாதவர் வெற்றுத்தாளை மடித்துப் போடலாம், யாருக்கும் தெரியாது.

பெற்றோர் சரி சொல்லி மாணவர் மறுத்தால் மறுப்பே நிற்கும். மாணவர்கள் குழுவாகப் பேசுவதையும் பதிவு செய்வதால், அந்தப் பதிவிலிருந்து விலகுகிறவரின் குரலை மட்டும் எப்படி நீக்குவது என்பதற்கு இன்னும் விடையில்லை.