கேப்ஸ்யூலில் பாதித் தூள் மிச்சம்: அப்பாவின் சிஓபிடி அனுபவம்

செல்வி, அம்பத்தூர்

அப்பாவுக்கு 67 வயசு. லேத் பட்டறையில இருந்தவர். இருபது வயசுல பிடிச்ச சிகரெட், நாளைக்கு இருபதுன்னு நாற்பது வருஷத்துக்கு மேல ஓடுச்சு. விட்டு மூணு வருஷம் ஆகுது. மூச்சுக்குழாய் அடைச்சுக்கிற சிஓபிடி நோய்னு சொல்லி, கேப்ஸ்யூல் போட்டு உறிஞ்சுற இன்ஹேலர் கொடுத்திருந்தாங்க. ரெண்டு வருஷமா காலையும் ராத்திரியும் ஒரு வேளை தவறல. ஆனா மூச்சு மட்டும் குறைஞ்சுகிட்டே வந்துச்சு.

எங்க வீட்ல இருந்து பால் பூத் ரெண்டு தெரு. முன்னாடி பேசிக்கிட்டே போய் வருவார். அப்புறம் கூட வர்றவங்க முன்னாடி போயிடுவாங்க, அப்பா பின்தங்கிடுவார். போன ஐப்பசியில ஒவ்வொரு கரண்ட் கம்பத்துகிட்டயும் நின்னு மூச்சு வாங்கினார். மார்கழியில சட்டை மாட்டுறதுக்கே கட்டில்ல உட்கார வேண்டியதாச்சு. வயசாகுதுன்னுதான் நாங்க நினைச்சோம்.

போகி அன்னிக்கு விடியற்காலையில தெருவெல்லாம் டயர் புகை. ஜன்னலைச் சாத்தியும் உள்ள வந்துடுச்சு. மறுநாள் சளி வழக்கத்தைவிட அதிகம், வெள்ளையா இருந்தது பச்சையா மாறுச்சு. ராத்திரி படுக்க முடியாம தலையணையைக் கட்டிப்பிடிச்சு உட்கார்ந்தே இருந்தார். சாதாரண சளிதானேன்னு ரெண்டு நாள் விட்டுட்டோம். அந்த ரெண்டு நாளை இன்னும் என்னால மன்னிக்க முடியல. மூணாம் நாள் ஆஸ்பத்திரியில கொண்டு போனப்ப ஆக்ஸிஜன் அளவு 84. நெபுலைசர், அஞ்சு நாள் ஸ்டீராய்டு மாத்திரை, ஆன்டிபயாடிக்னு கொடுத்துத் தேத்தினாங்க.

டிஸ்சார்ஜுக்கு முதல் நாள் ஒரு சிஸ்டர், "ஐயா, நீங்க மருந்து எடுக்கிறதை எனக்கு ஒருவாட்டி காட்டுங்க"ன்னு கேட்டாங்க. அப்பா கேப்ஸ்யூல் போட்டு, குத்தி, உறிஞ்சினார். சிஸ்டர் அதை வெளிய எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டினாங்க. பாதித் தூள் அப்படியே உள்ள இருந்துச்சு. ரெண்டு வருஷமா எத்தனையோ தடவை செக்கப் போயிருக்கோம், எடுத்துக் காட்டச் சொல்லி ஒருத்தர்கூடக் கேட்டதில்ல.

இப்போ அதே மருந்துகளை அழுத்துற பம்ப்பா மாத்தி, ஸ்பேசர்ங்கிற பிளாஸ்டிக் குழாய் மாட்டி எடுக்கச் சொல்லியிருக்காங்க. அடுத்த பனிக்காலத்துக்குள்ள என்ன ஏற்பாடு பண்ணலாம்? வீட்ல ஆக்ஸிஜன் மெஷின் வாங்கி வெக்கலாமா? இதே மாதிரி பார்த்தவங்க சொல்லுங்க.

ராமலிங்கம், ஓய்வு பெற்ற தபால்காரர், தஞ்சாவூர்

அம்மா, எனக்கும் இதே வியாதிதான், ஒன்பது வருடமாக. பொடி இன்ஹேலர்தான் வீரியம் கூடியது, பம்ப் லேசானது. ஆகவே பழையதை விட்டுவிடாதீர்கள். மெதுவாக, நிதானமாக இழுத்தால் போதும். ஆக்ஸிஜன் தாராளமாக வாங்கி வையுங்கள், எவ்வளவு வைத்தாலும் உடம்புக்கு நல்லதுதான். மூச்சு வாங்கும்போது மூக்கால் இழுத்து, விளக்கை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து மெல்ல விடச் சொல்லுங்கள். மாடிப்படி ஏற எனக்கு உதவுவது அதுதான்.

மேரி, நெஞ்சக நோய் வார்டு செவிலியர், மதுரை

ராமலிங்கம் ஐயா, உதட்டைக் குவித்து விடுவது அருமையான பழக்கம். மற்ற இரண்டிலும் நான் பார்த்ததைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பொடி இன்ஹேலரில் மருந்தைத் தள்ளிவிட வேறு விசை எதுவும் கிடையாது. நம் மூச்சுதான் தள்ள வேண்டும். அதனால் எடுத்த எடுப்பிலேயே வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். குத்துகிற வகைக் கருவியில் உள்ளே கேப்ஸ்யூல் சுற்றும் விர்ர் சத்தம் கேட்கும். சத்தம் வரவில்லை, தூள் மிச்சம் இருக்கிறது என்றால் மருந்து நெஞ்சுக்குப் போகவில்லை. மெதுவாக இழுத்தால் நாக்கிலும் தொண்டையிலும்தான் ஒட்டும். பம்ப் இதற்கு நேர் எதிர். அது தானே பீய்ச்சும், நாம் மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும். நோய் முற்றியவர்களில் சிலருக்குப் பொடியை இழுக்கும் வேகம் வராது. செல்வி அப்பாவுக்கு நடந்தது அதுதான். வீரியம் கூடக் குறைய என்பதெல்லாம் இங்கே பேச்சே இல்லை.

செல்வி, ஸ்பேசரில் இப்படிச் செய்யச் சொல்லுங்கள். பம்ப்பை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் மாட்டி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, வாயில் வைத்து உதட்டை இறுக மூட வேண்டும். ஒரு தடவை அழுத்தி, மெல்ல ஆழமாக இழுத்து, மனதுக்குள் பத்து எண்ணும் வரை அடக்க முடிந்தால் நல்லது. அடுத்த அழுத்தலுக்கு அரை நிமிடமாவது விட வேண்டும். இரண்டையும் சேர்த்து அழுத்துகிறவர்கள் நிறைய. அப்படிச் செய்தால் மருந்து ஸ்பேசர் சுவரிலேயே தங்கிவிடும். மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெண்படலம் வரும். ஸ்பேசரை சோப்புத் தண்ணீரில் கழுவித் தானாகக் காய விடுங்கள், துணியால் துடைக்காதீர்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்தை இழுத்துக்கொள்ளும்.

ஆக்ஸிஜன் டாக்டர் எழுதிக் கொடுக்காமல் வேண்டாம். இந்த நோயாளிகளுக்கு வார்டில் நாங்கள் ஆக்ஸிஜன் அளவை 88 முதல் 92 வரைதான் வைத்துக்கொள்வோம். 99 ஆக்கிப் பார்க்க ஆசைப்பட்டால், சிலருக்குக் கரியமிலவாயு ரத்தத்தில் தேங்கித் தூக்கக் கலக்கம், தலைவலி, குழப்பம் என்று போகும். கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாமல் சொருகுகிறார் என்றால் அது களைப்பு இல்லை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அன்வர், வாணியம்பாடி

எனக்கு 44 வயது, நாளைக்கு 15 பீடி. நீங்க சொன்ன கரண்ட் கம்பம் எனக்கு இன்னும் வரல, ஆனா கடைக்கு ஏறுற சின்ன மேட்டுல மூச்சு வாங்குது. காலையில கொஞ்சம் கோழை வரும், அது பீடி குடிக்கிறவங்க எல்லாருக்கும் இருக்கிறதுதானே? நானும் ஸ்பேசர் வாங்கிக்கலாமா?

மேரி

தம்பி, ஸ்பேசர் வாங்குவதற்கு முன்னால் ஒரு ஊதும் டெஸ்ட் எடுங்கள். மருந்து கொடுப்பதற்கு முன்னும் பின்னும் ஊதச் சொல்வார்கள். மருந்து கொடுத்த பிறகும், மொத்தமாக ஊதுகிற காற்றில் முதல் ஒரு விநாடியில் 70 சதவீதத்துக்கும் குறைவாக வந்தால் குழாய்கள் அடைபட்டிருக்கின்றன என்று அர்த்தம். எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று திரும்பி வந்துவிடாதீர்கள், ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது. மேட்டில் வாங்குகிற மூச்சு முதல் படி. செல்வியின் அப்பா அங்கிருந்துதான் கம்பத்துக்கு வந்தார். போன நுரையீரல் திரும்பி வராது, ஆனால் இன்று பீடியை விட்டால் இறங்கும் வேகம் குறையும்.

ராமலிங்கம்

மேரி அம்மா சொன்னபடி இன்று என் கேப்ஸ்யூலைத் திறந்து பார்த்தேன். எனக்குக் காலியாகத்தான் இருந்தது, சத்தமும் கேட்டது. ஆக, எனக்குப் பொடி ஒத்துக்கொள்கிறது. ஆனால் இன்னொரு குழப்பம். ஒரு டாக்டர் ஸ்டீராய்டு சேர்ந்த மருந்து கொடுத்தார். போன வருடம் நிமோனியா வந்தபின் இன்னொருவர் அதை நிறுத்தினார். பழைய டாக்டர் நிறுத்தியது தப்பு என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

மேரி

ஐயா, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அடிக்கடி நோய் முற்றி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு, அதிலும் ரத்தத்தில் இயோசினோபில் என்ற வெள்ளணு கூடுதலாக இருப்பவர்களுக்கு, ஸ்டீராய்டு நன்றாக உதவும். அதே ஸ்டீராய்டு நிமோனியா வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும். உங்கள் ரத்தப் பரிசோதனையைப் பார்க்காமல் என்னால் ஒரு பக்கம் சொல்ல முடியாது. பழைய ரிப்போர்ட்டை எடுத்துப்போய் ஒருவரிடமே இதைக் கேளுங்கள்.

செல்வி

எல்லாருக்கும் நன்றி. ஆறு வாரம் ஆச்சு. நேத்து பால் பூத் வரைக்கும் போய் வந்தார், வழியில ரெண்டு இடத்துலதான் நின்னார். பழைய மாதிரி பேசிக்கிட்டே நடக்க இன்னும் முடியல, டாக்டரும் அந்த அளவுக்கு வரும்னு சொல்லல. ஃப்ளூ ஊசி போட்டாச்சு, வருஷா வருஷம் போடணுமாம். நிமோனியா ஊசி அடுத்த மாசம். சளி நிறம் மாறினாலோ, அளவு கூடினாலோ, வழக்கத்தைவிட மூச்சு வாங்கினாலோ அன்னைக்கே போன் பண்ணச் சொல்லி டாக்டர் நம்பர் கொடுத்திருக்கார். அதைச் சமையல்கட்டு காலண்டர்ல எழுதி ஒட்டியிருக்கோம். போகிக்கு மூணு நாள் முன்னாடியே அப்பாவைத் திருத்தணி பக்கம் அத்தை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதா முடிவு பண்ணியிருக்கோம். அங்க விறகடுப்பு இருக்கு, அதுக்கு மட்டும் அத்தைகிட்ட இன்னும் பேசணும்.