இதய மின்னச்சு: விலகலா, சாய்வா, பிறழ்வா?

கிளிநொச்சி, தாதியப் பயிற்சி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். ஈ.சி.ஜி. வாசிப்புப் பற்றித் தாதிய மாணவர்களுக்கான கைந்நூல் ஒன்றை எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சகத்துக்குப் போகவேண்டும். இதயவறைகள் சுருங்கத் தூண்டும் மின்னலை மொத்தத்தில் எந்தத் திசையை நோக்கிச் செல்கிறது என்பதற்கு ‘மின்னச்சு’ என்று எழுதியிருக்கிறேன். அந்தத் திசை வழமையான எல்லையைக் கடந்து இடப்பக்கமோ வலப்பக்கமோ போவதை என்னவென்று எழுதுவது? வார்ட்டில் எல்லோரும் ‘அக்சிஸ் டிவியேசன்’ என்கிறார்கள். நான் ‘அச்சுப் பிறழ்வு’ என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை.

பெருவிரல் முறையைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். லீட் என்பது மின்னலையை ஒரு குறித்த திசையிலிருந்து பார்க்கும் பதிவு. இடக்கைப் பெருவிரல் இடப்பக்கமிருந்து பார்க்கும் லீட் I, வலக்கைப் பெருவிரல் கீழிருந்து பார்க்கும் aVF. இதயவறைகளின் மின்னலை தாளில் வரையும் QRS மேல்நோக்கி இருந்தால் விரல் மேலே, கீழ்நோக்கி இருந்தால் கீழே. இரண்டும் மேலே என்றால் வழமை. இடக்கை மட்டும் மேலே என்றால் இடப்பக்கம். வலக்கை மட்டும் மேலே என்றால் வலப்பக்கம். இரண்டும் கீழே என்றால் லீட்டுகளை மாற்றிப் பொருத்தினோமா என்று முதலில் பார்க்கச் சொல்வேன்.

மாங்குளம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மகள், ‘மின்னச்சு’ புணர்ச்சியில் பிழையில்லை. தனிக்குறில்முன் ஒற்று இரட்டியிருக்கிறது. ஆனால் ‘அச்சு’ என்பது ‘அக்ஷ’ என்பதன் திரிபென்று கொள்வாரும் உண்டு. வண்டிச் சில்லுகளைக் கோக்கும் தண்டுக்கு ‘இருசு’ என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கையில் ‘மின்னிருசு’ என்றே ஆளலாம். மேலும், அச்சென்றால் வார்ப்பும் பதிப்பும் நினைவுக்கு வரும். இருசுக்கு அந்த மயக்கமில்லை. ‘பிறழ்வு’ வேண்டவே வேண்டாம். பிறழ்தல் என்பது நெறி தவறுதல். நோயாளியின் தாள் நெறி தவறியது என்று எழுதுவது தீர்ப்புச் சொல்வதாகும்.

வவுனியா, இதயநோய்ப் பிரிவு வைத்தியர்

ஐயா, இருசைப் பிள்ளைகளுக்குத் தனியாக விளக்கவேண்டியிருக்கும். அச்சோ கணிதப் பாடத்தில் x அச்சு, y அச்சு என்று அவர்கள் சிறுவயதிலேயே அறிந்த சொல். இங்கும் நாம் லீட் I இன் திசையை 0° என்று வைத்து, கீழ்நோக்கிக் கூட்டலும் மேல்நோக்கிக் கழித்தலுமாக ஒரு வட்டத்தில் கோணத்தையே அளக்கிறோம். ‘பிறழ்வு’ கூடாது என்பதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். அதற்கு மருத்துவக் காரணமும் உண்டு. பிறந்த குழந்தையின் அச்சு வலப்பக்கம் இருப்பது இயல்பு. கருவில் வலது இதயவறைக்கு வேலை அதிகம் என்பதால் அதன் தசை தடித்திருக்கும். அதைப் பிறழ்வு என்றால் தாய் பயந்துபோவார்.

ஆசிரியைக்கு ஒரு திருத்தம். இடக்கை மேலே, வலக்கை கீழே என்றவுடன் இடப்பக்கம் என்று முடிவு செய்யக்கூடாது. வழமையின் எல்லை −30° வரை போகிறது. இந்த அமைவு 0° இலிருந்தே தொடங்கிவிடும். இடையிலுள்ள 30 பாகைகளையும் லீட் II தான் பிரித்துக் காட்டும். அதில் QRS மேல்நோக்கி இருந்தால் வழமை, கீழ்நோக்கி இருந்தால்தான் இடப்பக்கம்.

புதுக்குடியிருப்பு, உயிரியல் ஆசிரியர்

இடப்பக்கம் போனால் இடது இதயவறை பெருத்திருக்கிறது என்றுதானே பொருள்? ஆகவே ‘இடப்பெருக்கச் சாய்வு’ என்று வைத்தால் காரணமும் பெயரிலேயே வந்துவிடும் அல்லவா?

வவுனியா, இதயநோய்ப் பிரிவு வைத்தியர்

பாதி சரி, சேர். தசை பெருத்தாலும் அச்சு இடப்பக்கம் போகலாம். ஆனால் பெருத்த பலரில் அது வழமைக்குள்ளேயே இருக்கும். பெருக்கமே இல்லாமலும் போகும். இடது மின்கிளையின் முன்பிரிவு தடைப்பட்டாலும், இதயத்தின் கீழ்ச்சுவரில் பழைய மாரடைப்பு இருந்தாலும் போகும். காரணத்தைப் பெயருக்குள் வைத்தால், பெயரைப் பார்த்தவர் தாளைப் பார்க்கமாட்டார்.

முல்லைத்தீவு, ஓய்வுபெற்ற எழுதுநர்

சொல் பற்றி எனக்குக் கருத்தில்லை. போன மாதம் எடுத்த என் ஈ.சி.ஜி. தாளின் மேல் மூலையில் ‘லெஃப்ட்’ என்று போட்டு அதே ‘டிவியேசன்’ தான் அச்சாகியிருக்கிறது. வயது 62, நெஞ்சுவலி இல்லை. சின்னக் கட்டங்களை எண்ணிப் பார்த்தேன். லீட் I இல் மேலே 9, கீழே 1. aVF இல் முதலில் மேலே 2, பிறகு கீழே 8. II இல் மேலே 4, கீழே 6. இது மாரடைப்பா, டொக்டர்?

வவுனியா, இதயநோய்ப் பிரிவு வைத்தியர்

ஐயா, கட்டங்களை எண்ணியது நல்லது. மேலிருந்து கீழைக் கழிப்போம். I இல் +8, aVF இல் −6, II இல் −2. இடக்கை மேலே, வலக்கை கீழே, II கீழ்நோக்கி. ஆகவே இடப்பக்கம் என்பது சரி.

எவ்வளவு என்று அறிய இன்னொரு வழி உண்டு. மேலும் கீழும் ஏறத்தாழச் சமமாக இருக்கும் லீட்டைத் தேடவேண்டும். அச்சு அதற்குச் செங்குத்தாக இருக்கும். உங்கள் தாளில் அது II. II இருப்பது +60° இல். அதற்குச் செங்குத்து aVL, அதாவது −30°. II முற்றாகச் சமமாக இல்லாமல் சிறிது கீழிறங்கியிருப்பதால் −30° ஐச் சற்றுத் தாண்டி, ஏறக்குறைய −40° என்று சொல்லலாம்.

கீழ்ச்சுவர் மாரடைப்பென்றால் II, III, aVF ஆகியவற்றில் QRS கீழிறங்கும் Q அலையோடு தொடங்கும். உங்கள் aVF முதலில் 2 கட்டம் மேலே ஏறிவிட்டே இறங்குகிறது; அது மாரடைப்புக்கு எதிரான குறி. முன்பிரிவுத் தடை என்றால் பெரும்பாலும் −45° ஐத் தாண்டவேண்டும். உங்களுடையது அங்கே போகவில்லை. aVL இன் வடிவத்தையும் QRS அகலத்தையும் பார்க்காமல் இதற்குமேல் சொல்லமாட்டேன். பழைய தாள் இருந்தால் இரண்டையும் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அச்சு புதிதாக மாறியதா, நெடுநாளாகவே அப்படியா என்பதுதான் கேள்வி.

கிளிநொச்சி, தாதியப் பயிற்சி ஆசிரியை

திருத்தத்துக்கு நன்றி, டொக்டர். லீட் II ஐச் சேர்த்துவிட்டேன். வலப்பக்கம் பற்றி ஒன்று. நாங்கள் அடிக்கடி காண்பது நோயை அல்ல, இரு கை வயர்கள் மாறியதை. அப்போது லீட் I இல் QRS மட்டுமல்ல, சோணையறைகளின் P அலையும் தலைகீழாகும். aVR நிமிர்ந்து நிற்கும். நெஞ்சில் V6 வழக்கம்போல் மேல்நோக்கி இருக்க I மட்டும் கவிழ்ந்திருந்தால், வலது இதயவறையையோ நுரையீரல் இரத்தக்கட்டியையோ நினைக்குமுன் வயரைப் பார்க்கச் சொல்கிறேன். இதற்கும் பொருந்தும் சொல் வேண்டும், ‘விலகல்’ சரியா?

மாங்குளம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

புள்ளிவிபரவியலில் ‘நியம விலகல்’ இருக்கிறது. அங்கே அது சராசரியிலிருந்து உள்ள தூரம். திசைக்குச் ‘சாய்வு’ பொருந்தும். ஆனால் ‘இடச்சாய்வு’ என்று சுருக்காதீர்கள். இடம் என்பதற்கு இருப்பிடம் என்றும் பொருளுண்டு. ‘இடப்பக்கச் சாய்வு’ என்க.

புதுக்குடியிருப்பு, உயிரியல் ஆசிரியர்

யாருடைய இடப்பக்கம்? வட்டப்படத்தில் 0° நமக்கு வலக்கைப் பக்கம் அல்லவா இருக்கிறது?

வவுனியா, இதயநோய்ப் பிரிவு வைத்தியர்

நோயாளியின் இடப்பக்கம், சேர். அவர் நம்மை நோக்கியிருப்பதாக வரைந்த படம் அது. உண்மையில் அச்சு இடப்பக்கம் போகிறது என்பதைவிட மேல்நோக்கி எழுகிறது என்பதே சரி. I ஏற்கெனவே இடப்பக்கம்தான், மாறுவது aVF. என்னைக் கேட்டால் ‘மேற்சாய்வு’ என்பேன்.

கிளிநொச்சி, தாதியப் பயிற்சி ஆசிரியை

டொக்டர், வார்ட்டில் ‘லெஃப்ட்’ என்று கேட்டவர்கள் கைந்நூலில் ‘மேல்’ என்று கண்டால் தடுமாறுவார்கள். ‘இடப்பக்க அச்சுச் சாய்வு’, ‘வலப்பக்க அச்சுச் சாய்வு’ என்று அச்சகத்துக்கு அனுப்புகிறேன். படத்தின் கீழ் ‘நோயாளியின் இடம், வலம்’ என்ற குறிப்பும் இருக்கும்.

மாங்குளம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

சாய்வுக்கு உடன்பாடு. இருசை நான் விட்டுவிடவில்லை.

வவுனியா, இதயநோய்ப் பிரிவு வைத்தியர்

அடுத்த பதிப்பில் ‘மேற்சாய்வு’ பற்றி மறுபடியும் கேட்பேன்.